சிவப்பணுவைக் கூட்ட நான்கு வழிகள்: ஊசி, மலை, இரும்பு, வெப்பம்

மாரத்தான், நீள்தூரச் சைக்கிள், டிரையத்லான் என்று மணிக்கணக்கில் உடம்பை வேலைவாங்கும் விளையாட்டுகளில், ஒரு கட்டத்துக்குமேல் நேரம் குறைய மறுக்கும். பயிற்சியைக் கூட்டினாலும் கடிகாரம் அசையாது. அப்போது பேச்சு தானாகவே ரத்தத்தின் பக்கம் திரும்பும். தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து போவது சிவப்பணு. அது கூடினால் தாக்குப்பிடிக்கும் திறனும் கூடும். அதைக் கூட்ட நான்கு வழிகள் பேசப்படுகின்றன: சிவப்பணுவைப் பெருக்கும் ஹார்மோனான எரித்ரோபொய்ட்டினை, அதாவது இபிஓவை, ஊசியாகப் போடுவது, உயரமான இடத்தில் போய்த் தங்குவது, குறைந்திருக்கும் இரும்புச்சத்தைச் சரிசெய்வது, வெப்பத்தில் பயிற்சி செய்வது.

இவற்றில் முதலாவது தடைசெய்யப்பட்ட மருந்து. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1990-லேயே அதைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் ஒரு வாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை: "மலையில் தங்கினாலும் சிறுநீரகம் அதே இபிஓவைத்தான் சுரக்கிறது. ஊசியிலும் அதேதான் இருக்கிறது. மாட்டிக்கொள்ளாதவரை இரண்டும் ஒன்றுதானே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் சிவப்பணுவை மட்டும் பார்த்துவிட்டு, அது மிதக்கும் நீரைப் பார்க்காமல் விட்டால்தான் அப்படித் தோன்றும்.

ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, சென்ட்ரிஃபியூஜில் சில நிமிடம் சுழற்றி எடுத்தால், அது தெளிவாகப் பிரிந்து நிற்கும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே நூலளவு வெள்ளைப் படலம். மொத்த உயரத்தில் சிவப்புப் பகுதி எத்தனை சதவீதம் என்பதுதான் ஹீமட்டோகிரிட். ஆண்களுக்குப் பெரும்பாலும் நாற்பதுகளில் இருக்கும், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. இது ஒரு பின்னம். சிவப்பணு கூடினாலும் எண் ஏறும், பிளாஸ்மா வற்றினாலும் எண் ஏறும். எந்தப் பக்கத்தால் ஏறியது என்று குழாய் சொல்லாது.

இப்போது ஒரு கணக்கு. கற்பனையான ஓட்டக்காரர் ஒருவர். உடம்பில் 6 லிட்டர் ரத்தம். அதில் சிவப்பணு 2.7 லிட்டர், பிளாஸ்மா 3.3 லிட்டர். ஹீமட்டோகிரிட் 45 சதவீதம். அவர் சில வாரம் இபிஓ போட்டுக்கொள்கிறார் என்று வையுங்கள். சிவப்பணு 0.3 லிட்டர் கூடி 3.0 ஆகிறது. அதோடு நிற்பதில்லை. ரத்தத்தின் மொத்த அளவைக் கட்டிக்காக்கும் பொறுப்பு சிறுநீரகத்துக்கு உண்டு. இபிஓ கொடுக்கும்போது ரெனின், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன்கள் இறங்கி, உப்பும் நீரும் வெளியேறி, பிளாஸ்மா சுருங்குகிறது. கோபன்ஹேகனில் ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-இல் இதைத்தான் காட்டியது: மொத்த ரத்தம் ஏறக்குறைய மாறவில்லை, சிவப்பணு ஏறிய அளவுக்குப் பிளாஸ்மா இறங்கியது. நம் ஓட்டக்காரருக்கும் பிளாஸ்மா 3.0 லிட்டர் ஆகிவிட்டது. ஹீமட்டோகிரிட் இப்போது 50.

இது ஓய்வில் இருக்கும்போது. பந்தய நாளில் வியர்வையாலும், வேலைசெய்யும் தசைக்குள் நீர் இறங்குவதாலும் பிளாஸ்மா இன்னும் 0.4 லிட்டர் குறைகிறது என்று எடுத்துக்கொள்வோம். 5.6 லிட்டரில் 3.0 லிட்டர் சிவப்பணு. கிட்டத்தட்ட 54 சதவீதம். ஊசியே போடாமல் அதே வியர்வையை அவர் இழந்திருந்தால் 48-இல் நின்றிருப்பார்.

45-க்கும் 54-க்கும் ஒன்பது புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் ரத்தத்தின் கெட்டித்தன்மை ஹீமட்டோகிரிட்டோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. 50-ஐத் தாண்டியபின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது முன்னைவிட அதிகமாக ஏறும். ரத்தம் வேகமாக ஓடும் இடத்தில் இதன் பாதிப்பு குறைவு, ஏனென்றால் ஓட்டத்தின் இழுப்பில் சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து வழிவிடும். ஓட்டம் மெதுவாகும் இடத்தில், முக்கியமாகக் கெண்டைக்கால் சிரைகளில், அவை நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பயிற்சி பெற்ற வீரரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் முறைதான் துடிக்கும். பந்தயம் முடிந்து, நீர் வற்றிய உடம்போடு, பேருந்திலோ விமானத்திலோ காலை மடக்கி ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? கெட்டியான ரத்தமும் மந்தமான ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். வியர்த்து ஓடுவதைவிட ஆபத்தான மணிநேரங்கள் இவைதான் என்பது என் கணிப்பு.

கெட்டித்தன்மை மட்டும் ரத்தக்கட்டியை உண்டாக்கிவிடாது. இன்னும் இரண்டு விஷயங்கள் இதில் கூட்டுச்சேருகின்றன. குழாயின் நடுவில் சிவப்பணுக்கள் ஓடுவதால், உருவில் மிகச் சிறிய தட்டணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. சிவப்பணு கூடக்கூட இந்தத் தள்ளலும் கூடும், ரத்தக்குழாய்ச் சுவரோடு தட்டணு உரசும் வாய்ப்பும் கூடும். கட்டியைத் தொடங்கிவைப்பது தட்டணுதான். அப்புறம், இபிஓ சிவப்பணுவோடு மட்டும் நின்றுவிடும் மருந்தும் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எளிதில் ஒட்டிக்கொள்ளும் துடிப்பான புதுத் தட்டணுக்கள் வந்தன. ரத்தக்குழாயின் உட்சுவர் தூண்டப்பட்டதைக் காட்டும் புரதங்களும் ரத்தத்தில் ஏறின. உறைவுக்கு ரத்தம், ஓட்டம், குழாய்ச்சுவர் என்று மூன்று காரணங்களை மருத்துவம் சொல்லும். இந்த ஒரே ஊசி மூன்றையும் தொடுகிறது. பிளாஸ்மாவைச் செயற்கையாக ஏற்றி எண்ணைக் கீழே கொண்டுவந்தாலும் தட்டணு மேல் நடந்த வேலை அப்படியேதான் இருக்கும்.

சரி, இதெல்லாம் ஆய்வகக் கணக்கு, உண்மையில் மனிதர்களுக்குக் கட்டி வந்ததா? 1980-களின் இறுதியில் ஐரோப்பிய சைக்கிள் வீரர்கள் சிலர் தூக்கத்திலேயே இறந்ததை இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். அந்த மரணங்களுக்கு இபிஓதான் காரணம் என்று நிரூபிக்கப்படவே இல்லை. அதை நம்பிக் கட்டுரை எழுதுவது சரியல்ல. வலுவான சாட்சி மருத்துவமனைகளில் இருக்கிறது.

பாலிசைத்தீமியா வெரா என்பது எலும்பு மஜ்ஜை தன்னிச்சையாகச் சிவப்பணுவைப் பெருக்கும் நோய். இத்தாலியில் இந்த நோயாளிகள் 365 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹீமட்டோகிரிட்டை 45-க்குக் கீழே வைத்தார்கள். மற்றதற்கு 45 முதல் 50 வரை விட்டார்கள். 2013-இல் முடிவு வந்தது. இதயநோய் மரணமோ பெரிய ரத்தக்கட்டியோ முதல் பிரிவில் 2.7 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 9.8 சதவீதம் பேருக்கு. சைக்கிள் சம்மேளனம் 1997-இல் ஆண்களுக்குப் போட்டிக்கு உகந்தது என்று வைத்த வரம்பு 50 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இபிஓவையே நேராகப் பரிசோதித்ததும் உண்டு. இதயநோயும் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளில் ஹீமட்டோகிரிட்டை 30-இல் வைப்பதா, 42-க்கு ஏற்றுவதா என்று பார்த்த பெரிய ஆய்வை இடையிலேயே நிறுத்தவேண்டி வந்தது. 1998-இல் வெளியான அதன் முடிவின்படி, 42-ஐக் குறிவைத்த பிரிவில் மரணமும் மாரடைப்பும் அதிகம். டயாலிசிஸ் செய்யும் ரத்தக்குழாய்ப் பாதை அடைத்துக்கொண்டது 39 சதவீதம் பேருக்கு, மற்றப் பிரிவில் 29. இபிஓவின் உறவு மருந்தான டார்பெபொய்ட்டினை நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குக் கொடுத்த 2009 ஆய்வில் பக்கவாதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. இவர்களெல்லாம் நோயாளிகள், வீரர்கள் அல்ல. அந்த எண்களை ஓர் ஓட்டக்காரர்மேல் அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் அங்கே மருத்துவர் கண்காணித்து, வாராவாரம் ரத்தம் பார்த்து, எட்ட நினைத்த உச்சம் 42தான். திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்பவர் தொடங்குவதே அதற்கு மேலே.

எதிர்ச் சாட்சியாக ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்ட்டிராண்ட்டாவைக் காட்டுவார்கள். இபிஓவுக்கு மிகையாகப் பதில்சொல்லும் மரபணு மாற்றத்தோடு பிறந்தவர், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 20 கிராமுக்கும் மேல். ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்று 76 வயதுவரை வாழ்ந்தார். உண்மைதான். ஆனால் பிறந்ததிலிருந்து ரத்தக்குழாய்களும் இதயமும் அந்த ரத்தத்தோடு சேர்ந்தே வளர்ந்த ஒருவர் அவர். ஆறு வாரத்தில் ஏற்றிக்கொண்டவரின் உடம்புக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இவ்வளவு ஆபத்துக்கு வரும்படி எவ்வளவு? நெதர்லாந்தில் நன்கு பயிற்சி பெற்ற 48 சைக்கிள் ஓட்டிகளில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இபிஓ, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஆய்வகத்தில் உச்சக்கட்டச் சோதனையில் இபிஓ குழு கொஞ்சம் முந்தியது. அப்புறம் எல்லோரையும் பிரான்சின் மோன் வான்டூ மலையில் ஏறவிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் சராசரி ஒரு மணி 40 நிமிடத்தை ஒட்டியே வந்தது, வித்தியாசம் சில நொடிகள், அதுவும் ஊசி போட்டவர்கள் பின்னால். 2017-இல் வெளியான இந்த ஆய்வில் மருந்தளவு குறைவு, ஓட்டியவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர் என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 1990-களில் இபிஓ பந்தயங்களின் போக்கையே மாற்றியது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வார இறுதி ஓட்டக்காரர் இபிஓவிடம் எதிர்பார்ப்பதற்கும் இந்த மலையில் நடந்ததற்கும் இடைவெளி பெரிது.

இனி மலை. 2,000 முதல் 2,500 மீட்டர் உயரத்தில் மூன்று நான்கு வாரம், ஒரு நாளில் பாதிக்குமேல் அங்கேயே இருந்தால், மொத்த ஹீமோகுளோபின் சுமார் 3 முதல் 4 சதவீதம் ஏறலாம். கடினப் பயிற்சியை மட்டும் கீழே இறங்கிவந்து செய்வது வழக்கம். மேலே அதே வேகத்தில் ஓட முடியாது. நம் ஓட்டக்காரருக்குச் சிவப்பணு 2.7-இலிருந்து 2.8 ஆகும், கீழே இறங்கிப் பிளாஸ்மா பழைய நிலைக்கு வந்ததும் ஹீமட்டோகிரிட் 46-ஐ ஒட்டி நிற்கும். அதே பந்தய வியர்வைக்குப் பிறகு 49.

ஊசியோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு கடிவாளம். மலையேறிய முதல் இரண்டு நாளில் உடம்பின் சொந்த இபிஓ எகிறும், பிறகு தானாக இறங்கிவிடும். ஆக்சிஜன் பற்றாக்குறை ஓரளவு சரியானதும் சிறுநீரகம் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஊசி இந்தக் கடிவாளத்தைத் தாண்டிப் போகிறது. மஜ்ஜைக்குப் "போதும்" என்ற செய்தியே வராது. மலைக்கும் குறைகள் உண்டு. ஏறிய முதல் நாட்களில் சிறுநீர் அதிகம் போய்ப் பிளாஸ்மா வற்றும், அப்போது ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தால் அது புதுச் சிவப்பணு அல்ல, நீர் குறைவுதான். அந்த எண்ணைப் பார்த்து மகிழ்பவர்கள் நிறைய. இன்னும் உயரமாகப் போனால் இன்னும் நல்லது என்பதும் தவறு. ஆண்டீஸ் மலையில் தலைமுறைகளாக வாழ்பவர்களிலும் சிலருக்கு ஹீமோகுளோபின் கட்டுக்கடங்காமல் ஏறி, தலைவலியும் மூச்சுத்திணறலும் கட்டி ஆபத்துமாக மோங்கே நோய் வருகிறது. வீட்டிலேயே ஆக்சிஜன் குறைத்த கூடாரத்தில் தூங்குவது மலைக்கு மாற்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா அதைத் தடைசெய்யவில்லை, ஆனால் தூக்கம் கெடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலைக்குப் போவதென்றாலும் முதலில் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை அது. லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் மூவாயிரம் மீட்டரில் தங்கினாலும் மஜ்ஜையிடம் ஹீமோகுளோபின் செய்யச் சரக்கு இருக்காது. மாதவிடாய் உள்ள ஓட்டக்காரர்களுக்கும், இறைச்சி உண்ணாதவர்களுக்கும் இந்தக் குறை சாதாரணம். இங்கே இரும்பைச் சரிசெய்வது "கூட்டுவது" அல்ல, இருக்க வேண்டியதை மீட்பது. மருத்துவர் மாத்திரை எழுதினால் கடினப் பயிற்சி முடிந்து சில மணி நேரம் கழித்து அதை விழுங்குவது வீண், அந்த நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உள்ளே விடாது. காலையில் பயிற்சிக்கு முன்போ, முடிந்த உடனேயோ எடுப்பது நல்லது. ஃபெரிட்டின் ஏற்கெனவே போதுமான அளவில் இருப்பவருக்கு இரும்பு மாத்திரையால் வேகம் வராது. தேவையில்லாத இரும்பு கல்லீரலில்தான் போய்ச் சேரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வழி, ஏனென்றால் அது ஊசியின் வரிசையைத் தலைகீழாக்குகிறது. வெப்பத்தில் தொடர்ந்து பயிற்சி செய்தால் ஒரு வாரம் பத்து நாளுக்குள் பிளாஸ்மா பெருகும். ஹீமட்டோகிரிட் இறங்கும். புதிதாகத் தீவிரப் பயிற்சி தொடங்கியவர்களுக்கும் இதுவே நடக்கும். பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் குறைந்திருப்பதைப் பார்த்து ரத்தசோகை என்று பயப்படுவார்கள், உண்மையில் நீர் கூடியிருக்கும். ரத்தம் நீர்த்ததைச் சிறுநீரகம் உணர்ந்து, மெல்ல இபிஓவைக் கூட்டி, வாரங்கள் கழித்துச் சிவப்பணுவும் சில சதவீதம் ஏறுகிறது. நார்வேயில் சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஐந்து வார அளவில் இதைக் காட்டியிருக்கின்றன. நம் ஓட்டக்காரரின் பிளாஸ்மா 3.7, சிவப்பணு 2.8 என்று வைத்தால் ஹீமட்டோகிரிட் 43. பந்தயத்தில் அதே 0.4 லிட்டர் போனபிறகும் 46. சிவப்பணு கூடியிருக்கிறது, ரத்தம் கெட்டியாகவில்லை, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவும் கூடியிருக்கிறது. வெப்பத் தாக்கு அபாயம் உண்டு. குறைந்த வேகத்தில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய பயிற்சி இது.

ஆக, நேரம் அசையாமல் நிற்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஃபெரிட்டினும் முழு ரத்தப் பரிசோதனையும். குறை இருந்தால் இரும்பு. இல்லையென்றால் ஐந்து வாரம் வெப்பப் பயிற்சி. மலை அதற்குப் பிறகு, பெரிய பந்தயம் எதிரே இருந்து விடுப்பும் பணமும் ஒத்துவந்தால். ஊசி இந்த வரிசையிலேயே வராது. மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்ற கணக்கும் இப்போது பழையதுபோல இல்லை. மருந்து உடம்பை விட்டுச் சில நாளில் போய்விடும், ஆனால் 2009 முதல் வாடா நடைமுறைக்குக் கொண்டுவந்த உயிரியல் பாஸ்போர்ட் மருந்தைத் தேடுவதில்லை. ஒரு வீரரின் ஹீமோகுளோபினையும், ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்களின் சதவீதத்தையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. ஊசி போடும்போது இளம் அணுக்கள் பெருகும். நிறுத்தியதும் உடம்பின் சொந்தச் சுரப்பு அடங்கிக்கிடப்பதால், ஹீமோகுளோபின் உயர்ந்திருக்க இளம் அணுக்கள் மட்டும் காணாமல் போகும். இயற்கையில் அரிதாக வரும் ஜோடி அது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஊசியை நிறுத்தியதும் ஆபத்து நிற்பதில்லை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், கூடிய அணுக்கள் வாரக்கணக்கில் ரத்தத்திலேயே இருக்கும். அந்த வாரங்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக வலித்தால், அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து உருவிவிடக் கூடாது. ஓட்டக்காரர்களில் ஆழ்சிரைக் கட்டி தாமதமாகத் தெரிவதற்குக் காரணமே இந்தத் தவறுதான்: அவர்களுக்குக் கால்வலி புதிதல்ல. தசைப்பிடிப்பு ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தணியும், கட்டியின் வீக்கம் தணியாமல் கூடும். அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, சில நேரம் மயக்கம். ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, இதுவரை இல்லாத கடும் தலைவலி ஆகியவை மூளைக்குப் போகும் ரத்தத்தில் அடைப்பு என்பதன் அறிகுறிகள். இவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எந்த மருந்தைக் கடைசியாக எப்போது போட்டோம் என்பதை முதல் கேள்விக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முப்பது வயது மெலிந்த ஓட்டக்காரரைப் பார்த்தால் ரத்தக்கட்டியை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை. சொன்னால்தான் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள்.